பேசுன வட்டியக் கேக்குறது எப்படி? பில் பாக்கி, லேட் வட்டி பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் ரைஸ் மில்லுங்களுக்கு மோட்டார் ரீவைண்டிங், ஷாஃப்ட் வேலை, எலிவேட்டர் சர்வீஸ்னு செஞ்சு பில் போடுற சின்ன ஒர்க்‌ஷாப்காரங்க கேக்குற கேள்விங்கதான் இது. எல்லாத்துக்கும் ஒரே உதாரணத்த வச்சே பதில் சொல்றேன், அப்பதான் கணக்கு புரியும்.

உதாரணம் இதுதான். சம்பா அறுவடை வர்றதுக்கு முன்னாடி ஒரு மில்லுல 50 எச்பி மோட்டார் ரீவைண்டிங், பேரிங் மாத்துனது, எலிவேட்டர் ஷாஃப்ட் சரி பண்ணுனது, எல்லாம் சேத்து 2,00,000. 18% ஜிஎஸ்டி 36,000. மொத்தம் 2,36,000. பில் தேதி 2025 ஜனவரி 10. முப்பது நாள் கடன், அதத் தாண்டுனா வருஷத்துக்கு 18% தனி வட்டின்னு கொட்டேஷன்லயே எழுதி மில்லு ஓனர் கையெழுத்து போட்டுருக்கார். கெடு பிப்ரவரி 9. மார்ச் 11-ல ஒரு லட்சம் வருது, மிச்சம் 1,36,000 ஏப்ரல் 25-லதான் வருது.

வட்டி கேட்டா பார்ட்டி கோச்சுக்குமா? பத்து வருஷப் பழக்கம்ங்க.

வட்டியால யாரும் கோச்சுக்கறது ரொம்பக் கம்மி, திடீர்னு வந்து நிக்கிற வட்டிதான் கோபத்தக் கிளப்பும். மூணு மாசம் போன்ல "பரவால்லண்ணே மெதுவா குடுங்க"ன்னு சொல்லிட்டு நாலாவது மாசம் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு டெபிட் நோட்ட அனுப்புனா எந்த மில்லுக்காரருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். நீங்க "பரவால்ல"ன்னு சொன்னத அவர் வட்டி இல்லன்னுதான எடுத்துப்பார். அதனால கெடு முடிஞ்ச அந்த வாரத்துலயே வட்டி ஓடுதுன்னு அவருக்குத் தெரிஞ்சுருக்கணும், சின்னத் தொகையா இருக்கும்போதே. பிப்ரவரி 16-ல ஒரு நாளைக்கு 116 ரூபா ஓடுதுன்னு சொல்றது ஒரு தகவல் மாதிரி போயிரும். ஏப்ரல் கடைசியில 6,510 குடுங்கன்னா அது சண்டை மாதிரி கேக்கும்.

என் பில்லு அடியில "தாமதத்துக்கு 24% வட்டி"ன்னு அச்சடிச்சிருக்கு, அது போதாதா?

அத மட்டும் நம்பாதீங்க. பில்லு வேலை முடிஞ்சப்புறம் நீங்களா அடிச்சுக் குடுக்குற பேப்பர், எதிர்ப்பக்கம் அதுக்கு ஒத்துக்கிட்டாருங்கறத எங்க காட்டுவீங்க? வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போற கொட்டேஷன்லயோ மில்லு குடுக்குற ஆர்டர்லயோ இருக்கணும், அவர் ஒத்துக்கிட்டதுக்கு ஏதாவது ஒரு அடையாளம் இருக்கணும். கையெழுத்து இருந்தா நல்லது, இல்லாட்டி கொட்டேஷன வாட்ஸ்அப்ல அனுப்பி "ஓகே வேலைய ஆரம்பிங்க"ன்னு அவர் போட்ட பதில பத்திரமா வச்சுக்குங்க.

அதுல நாலு விஷயம் தெளிவா இருக்கணும்: கெடு எந்த தேதியில இருந்து எண்ணுறது, எத்தனை சதவீதம், தனி வட்டியா கூட்டு வட்டியா, ஜிஎஸ்டி சேந்த மொத்தத் தொகைக்கா வேலைத் தொகைக்கு மட்டுமா. நம்ம பக்கம் "நூத்துக்கு ஒன்றரை ரூபா வட்டி"ன்னு வாயால பேசி முடிச்சுருவாங்க, அது வருஷத்துக்கு 18தான், ஆனா அதுலதான் தகராறு வரும், ஏன்னா மாசத்துல பத்து நாள் லேட் ஆனா முழு மாச வட்டியான்னு ஒரு கேள்வி தொங்கிட்டே இருக்கும். "365 நாள் கணக்குல நாள் வட்டி"ன்னு ஒரு வரி எழுதிட்டா அந்தப் பேச்சே இல்ல. சதவீதத்த ரொம்ப ஏத்தி எழுதுறதும் வேலைக்கு ஆகாது, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 படி தண்டனை மாதிரி தெரியுற தொகைய கோர்ட் நியாயமான அளவுக்குக் குறைக்கலாம். 18 யாரும் முகம் சுளிக்காத ரேட்டு.

எந்த நாள்ல இருந்து எண்ணுறது? நடுவுல கொஞ்சம் பணம் குடுத்துட்டாங்களே, கணக்க எப்படிப் போடுறது?

கெடு பிப்ரவரி 9-ன்னா பிப்ரவரி 10 முதல் நாள். பணம் பேங்க்ல விழுந்த நாள் வரைக்கும் எண்ணுங்க, செக் குடுத்தா அது பாஸ் ஆகுற நாளா கைக்கு வந்த நாளான்னு கொட்டேஷன்லயே சொல்லிடுறது நல்லது.

பிப்ரவரி 10-ல இருந்து மார்ச் 11 வரைக்கும் 30 நாள். இந்த முப்பது நாளும் பாக்கி முழு 2,36,000. வருஷ வட்டி 42,480, அத 365-ஆல வகுத்து 30-ஆல பெருக்குனா 3,491.51. மார்ச் 11-ல ஒரு லட்சம் வந்துருச்சு, பாக்கி 1,36,000. அங்கேருந்து ஏப்ரல் 25 வரைக்கும் 45 நாள். வருஷ வட்டி 24,480, நாள் கணக்குல 3,018.08. ரெண்டும் சேத்து 6,509.59, ரவுண்டா 6,510. எக்செல்ல போடுறதா இருந்தா பாக்கித் தொகை B2 கட்டத்துலயும் நாள் C2 கட்டத்துலயும் இருந்தா இது போதும்:

```
=ROUND(B2*18%*C2/365,2)
```

பாக்கி மாறுற ஒவ்வொரு தடவையும் புது வரிசை. நிறையப் பேரு பண்ற தப்பு, கடைசித் தேதி வரைக்கும் 75 நாளுக்கும் முழு 2,36,000 மேலயே வட்டி போட்டுருவாங்க. மில்லு கணக்குப்பிள்ளை அத ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுருவார், அப்புறம் நீங்க சரியாச் சொல்ற தொகையையும் யாரும் நம்ப மாட்டாங்க.

டிடிஎஸ் கணக்க இதுல சேக்கல. மில்லு டிடிஎஸ் பிடிச்சிருந்தா அந்தப் பணம் உங்க பான் கணக்குல வரவு ஆயிருக்கும், அத பாக்கியா எண்ணி வட்டி போடாதீங்க.

வந்த ஒரு லட்சத்துல முதல்ல வட்டிய எடுத்துக்கிட்டு மிச்சத்த அசல்ல கழிக்கலாம்ல? பேங்க்ல அப்படித்தான பண்றாங்க?

எந்த பில்லுக்குன்னு சொல்லி அவர் பணம் குடுத்தா அந்த பில்லுக்குத்தான் வைக்கணும், அது ஒப்பந்தச் சட்டத்துலயே இருக்கு. ஒரே பில்லுக்குள்ள அசலா வட்டியான்னு எதுவும் பேசலன்னா முதல்ல வட்டிக்குன்னு வைக்கிறதுதான் பொதுவான வழக்கம், அதுவும் உண்மை. ஆனா இங்க அதனால என்ன லாபம்னு பாருங்க. மார்ச் 11-ல முதல்ல 3,491.51 வட்டி எடுத்துட்டா அசல்ல கழியுறது 96,508.49, பாக்கி 1,39,491.51, அதுக்கு 45 நாள் வட்டி 3,095.56. மொத்தம் 6,587.07. வித்தியாசம் 77 ரூபா. அந்த 77 ரூபாய்க்காக "ஒரு லட்சம் குடுத்தேன், என் கணக்குல தொண்ணூத்தாறுதான் காட்டுறான்"னு அவர் ஊர் பூரா சொல்லுவார். அசலுக்கே வச்சுருங்க, வட்டிய தனி வரியா காட்டுங்க. ஒரே பார்ட்டி, பெரிய தொகை, ரெண்டு வருஷப் பாக்கின்னா கதை வேற.

முதல்ல யாருகிட்ட சொல்லணும்? கணக்குப்பிள்ளைகிட்டயா ஓனர்கிட்டயா?

ஓனர்கிட்ட. இதுல யோசிக்கவே வேணாம். டெல்டாவுல மில்லு கணக்குப்பிள்ளைங்க பாதி பேரு முப்பது வருஷமா அதே மேசையில உக்காந்துருக்கவங்க, அவங்க மேசைக்கு வட்டி கேட்டு ஒரு பேப்பர் தனியா வந்துச்சுன்னா அது ஓனர்கிட்ட போகும்போது "பாருங்க முதலாளி, நம்மகிட்டயே வட்டி கேக்குறான்"னு ஒரு வரியோடதான் போகும். அதே ஓனர்கிட்ட நீங்க முன்னாடியே பேசிட்டா கணக்குப்பிள்ளைக்கு அது வெறும் என்ட்ரி.

வரிசை இப்படி வச்சுக்குங்க. கெடுவுக்கு அஞ்சு நாள் முன்னாடி கணக்குப்பிள்ளைக்கு ஒரு போன், பில்லு கையில இருக்கா, ஏதாவது குறை இருக்கா, ஜிஎஸ்டி நம்பர் சரியான்னு மட்டும், பணத்தப் பத்தி பேச்சே எடுக்க வேணாம். பாதி லேட்டு இங்கதான் தெரிய வரும், பில்லு வாட்ச்மேன் ரூம்லயே கெடந்துருக்கும். கெடு தாண்டி ஒரு வாரத்துல ஓனருக்கு போன், அன்னைக்கே வாட்ஸ்அப்ல ஒரு செய்தி. செய்தி இந்த மாதிரி:

"அண்ணே வணக்கம். மோட்டார் நல்லா ஓடுதுன்னு கேள்விப்பட்டேன், சந்தோஷம். ஜனவரி 10 பில்லு 2,36,000, கெடு 9-ந்தேதியோட முடிஞ்சுது. நம்ம கொட்டேஷன்ல பேசுனபடி 10-லருந்து நாளுக்கு 116 ரூபா வட்டி கணக்குல ஓடுதுண்ணே. பிப்ரவரி 20-க்குள்ள முழுசா வந்துட்டா வட்டிய நான் எடுக்கல. அதுக்கு மேல போனா என்னிக்கு எவ்ளோ தோதுப்படும்னு ஒரு தேதி மட்டும் சொல்லுங்கண்ணே, அதுக்குத் தக்க நானும் காப்பர் கடைக்குச் சொல்லிக்கிறேன்."

இதுல கவனிங்க, மிரட்டல் ஒண்ணும் இல்ல, மன்னிச்சுக்குங்கன்னும் இல்ல. "தப்பா நெனைக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சா தப்பான ஒண்ண கேக்கப் போறீங்கன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஒரு சலுகைத் தேதியும் இருக்கு, அது தாண்டுனா சலுகை நாளையும் சேத்து 10-ந்தேதியில இருந்தே எண்ணுவேங்கறது தெளிவா தெரியுது. அதுக்கப்புறம் மாசா மாசம் ஒண்ணாந்தேதி ஒரு கணக்கு அறிக்கை அனுப்புங்க, பில்லு, வந்த பணம், பாக்கி, இதுவரைக்கும் வட்டி, நாலு வரி. அது வெறும் கணக்குத்தாள்தான், டெபிட் நோட்டு இல்ல. ஏன்னு கீழ ஜிஎஸ்டி கேள்வியில சொல்றேன்.

"என்கிட்டயே வட்டி கேக்குறியா"ன்னு நேரா கேட்டுட்டா என்ன சொல்றது?

"ஆமாண்ணே, நம்ம பேசுனதுதான்"னு சாதாரணமா சொல்லுங்க, அப்புறம் உங்க பக்கத்துக் கணக்க ஒரு தடவ எடுத்து வைங்க. மாசா மாசம் 3பி போடுறவங்களுக்கு ஜனவரி பில்லோட ஜிஎஸ்டி 36,000 பிப்ரவரி 20-க்குள்ள கட்டியாகணும், அவர்கிட்டருந்து ஒரு ரூபா கூட வராத நிலையில அத உங்க கைக்காசுல கட்டிருப்பீங்க. காப்பர் கம்பிக்காரன் கிலோ கணக்குல ரொக்கத்துக்குத்தான் குடுப்பான். ஓவர்டிராஃப்ட்ல எடுத்துருந்தா பேங்க் உங்ககிட்ட வட்டி எடுத்துக்கிட்டுதான் இருக்கு. மில்லுக்காரருக்கு இது நல்லாவே புரியும், ஏன்னா அரிசிக் கடைக்காரங்க அவருக்குத் தர வேண்டியத இழுத்தடிக்கும்போது அவர் பொலம்புறதும் இதேதான்.

இத ஒரு தடவ சொன்னா போதும். ரெண்டாந் தடவ சொன்னா பொலம்பலாயிரும்.

நெல்லு வித்தாதான் பணம்னு சொல்றாங்க, சீசன் முடியட்டும்ங்குறாங்க. அப்பவும் வட்டி போடுறதா?

சீசன்ல மில்லுக்காரர் கையில இருக்குற பணமெல்லாம் நெல்லு வாங்க போயிரும், சம்பா தாளடி வரத்து ஜனவரி பிப்ரவரில இறங்கும்போது அவர் ரொக்கம் குடுத்தாதான் நெல்லு கெடைக்கும், உங்க பில்லு பின்னாடி தள்ளிப் போறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், ஏமாத்துற எண்ணம் எல்லாம் இல்ல. இந்த மாதிரி பார்ட்டிகிட்ட முப்பது நாள் கெடுன்னு எழுதிட்டு தொண்ணூறு நாள்ல வாங்குறது உங்களுக்கே பொய்க்கணக்கு. புதுசா கெடு பேசுங்க: இந்தத் தேதியில இவ்ளோ, அந்தத் தேதியில மிச்சம், அந்தத் தேதிய காப்பாத்துனா வட்டி 12, தவறுனா பழையபடி கெடுவுக்கு மறுநாள்லருந்து 18. வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிக்குங்க. அவரே பாக்கி இவ்ளோன்னு எழுத்துல ஒத்துக்கிறது இன்னொரு வகையிலயும் உதவும், மூணு வருஷக் காலவரம்புக்குள்ள அப்படி கையெழுத்தோட ஒத்துக்கிட்டா அந்தத் தேதியில இருந்து காலவரம்பு திரும்ப எண்ண ஆரம்பிக்கும்.

இந்தத் தடவ வட்டிய விட்டுக்குடுத்துடலாம்னு நெனைக்கிறேன். சும்மா கேக்காம விட்டுட்டா போதுமா?

கேக்காம விட்டா நீங்க விட்டுக்குடுத்ததே அவருக்குத் தெரியாது, மறந்துட்டான்னு நெனைப்பார். கணக்கப் போட்டு 6,510-னு காட்டி, அதுக்குக் கீழ "பழக்கத்துக்காக இந்த பில்லுக்கு மட்டும் 3,510 கழிவு, தர வேண்டியது 3,000"னு எழுதுங்க. "இந்த பில்லுக்கு மட்டும்"ங்கற வார்த்தை முக்கியம், இல்லன்னா அடுத்த தடவ "போன தடவ வாங்கலையே"ன்னு அதையே வழக்கமாக்கிருவாங்க. முழுசா தள்ளுறதவிட ஒரு பங்க வாங்குறது என் கணக்குல நல்லது, தொகை சின்னதா இருந்தாலும் அந்த ஷரத்து உயிரோட இருக்கும்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. வட்டிய விட்டமாதிரி விட்டுட்டு அடுத்த வேலையில ரேட்ட ஏத்தி சேத்து எடுக்குறது. மில்லுக்காரர் பக்கத்து மில்லுல ரேட்டு விசாரிப்பார், அன்னைக்கு போற பேரு ஆறாயிரத்துக்கு வராது.

வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டா? டெபிட் நோட்ட எப்ப போடுறது?

உண்டு. லேட் பேமென்ட்டுக்கு வாங்குற வட்டி, அந்த வேலையோட மதிப்புலயே சேரும், அதனால வேலைக்கு என்ன ரேட்டோ அதே 18% வட்டிக்கும். ஆனா அந்த வட்டி உங்க கைக்கு வர்ற நாள்லதான் வரி கட்டுற கடமை வரும். இதனாலதான் முன்னாடி கணக்குத்தாள் மட்டும் அனுப்பச் சொன்னேன். வட்டி எவ்ளோன்னு பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே வரியோட டெபிட் நோட்டு போட்டு ஜிஎஸ்டிஆர்-1-ல ஏத்திட்டா, அப்புறம் பாதிய விட்டுக்குடுக்கும்போது கிரெடிட் நோட்டு, கணக்குல குழப்பம், ரெண்டு பக்க ஆடிட்டருக்கும் தலைவலி. பேசி முடிச்சு பணம் வர்றப்ப ஒரே டெபிட் நோட்டு, பழைய பில்லு நம்பர குறிப்பிட்டு.

6,510-ங்கறது வரி சேத்தா வரி தனியாங்கறதயும் முன்னாடியே முடிவு பண்ணுங்க. தனின்னா மேல 1,171.80 சேந்து 7,681.80 ஆயிரும். சேத்துன்னா 5,516.95 வட்டி, 993.05 வரி. நான் சேத்துதான் போடச் சொல்லுவேன். லேபிள் ஒட்டுன 25 கிலோ வரைக்கும் உள்ள பைக்கு 5% வரி, மூட்டையா போற அரிசிக்கு வரி கெடையாது, அதனால மூட்டை வியாபாரம் பண்ற மில்லுக்கு நீங்க போடுற ஜிஎஸ்டி திரும்பக் கெடைக்காத செலவு. வட்டிக்கு மேல வரியும்னா அங்கதான் வாய் தகராறு ஆரம்பிக்கும்.

மோட்டார் திரும்ப சூடாகுது, அதான் பணத்த நிறுத்தி வச்சேன்ங்குறாங்க.

அப்ப வட்டிப் பேச்ச அன்னைக்கே நிறுத்துங்க. மறுநாளே ஆளு அனுப்பி கரண்ட் அளந்து பாருங்க, மூணு பேஸும் சமமா இழுக்குதா, வோல்டேஜ் சரியா வருதான்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. நம்ம ரீவைண்டிங் குறைன்னா சரி பண்ணிக் குடுத்த நாள்லருந்து புதுசா கெடு. குறை மோட்டார்ல மட்டும்தான், ஷாஃப்ட் வேலையில ஒண்ணும் இல்லன்னா ஷாஃப்ட் தொகைய குடுத்துருங்கண்ணேன்னு கேக்கலாம், வட்டியும் அந்தத் தொகைக்கு மட்டும். குறையே இல்ல, கெடு முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு திடீர்னு கெளப்புறாங்கன்னா அது வேற ஆட்டம், ஆனா அப்பவும் மொதல்ல போய் அளந்து பாக்குறதுதான் முறை.

45 நாள் சட்டம்னு ஒண்ணு இருக்காமே, அதச் சொல்லி வாங்கலாமா?

எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் 2006. நீங்க உத்யம் பதிவு பண்ணுன குறு, சிறு நிறுவனமா இருந்தா எழுத்துல பேசுன தேதிக்குள்ள, அது எப்படியும் 45 நாளத் தாண்டாம, பணம் வந்துரணும். எழுத்துல எதுவும் பேசலன்னா 15 நாள். தாண்டுனா ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி, நீங்க கொட்டேஷன்ல கம்மியா பேசியிருந்தாலும். 2025 பிப்ரவரில பேங்க் ரேட் 6.50, அப்ப 19.5%. அதாவது நம்ம உதாரணத்துல கேக்குற 18% தனி வட்டி அன்னைக்கு இருந்த சட்ட வட்டியவிட எளிசு. வாங்கி விக்கிற வியாபாரிங்களுக்கு இது பொருந்தாது, சர்வீஸ் பண்றவங்களுக்கு உண்டு, வேலை எடுக்குறதுக்கு முன்னாடியே உத்யம் எடுத்து வச்சுருங்க.

நல்ல பார்ட்டிகிட்ட இத மிரட்டலா எடுக்காதீங்க. பில்லுலயும் கொட்டேஷன்லயும் உத்யம் நம்பர மட்டும் அச்சடிங்க, மிச்சத்த அவரோட ஆடிட்டர் பாத்துப்பார். 1961 வருமான வரிச் சட்டத்துல 43பி(எச்)-னு ஒரு பிரிவ சேத்து 2024-25 மதிப்பீட்டு ஆண்டுலருந்து கொண்டு வந்தாங்க, குறு, சிறு நிறுவனத்துக்கு கெடு தாண்டுன பாக்கி மார்ச் 31-ல நின்னா அந்தச் செலவ அந்த வருஷம் கழிக்க முடியாது, பணம் குடுத்த வருஷத்துலதான். நம்ம உதாரணத்துல மார்ச் 31-ல 1,36,000 நின்னுச்சு பாருங்க, அதுல அவருக்கு விழுற வரி நீங்க கேக்குற வட்டியவிட பல மடங்கு. மார்ச் ரெண்டாவது வாரம் கணக்குப்பிள்ளைக்கு "ஆடிட்டருக்கு பாக்கி உறுதி வேணுமாண்ணே, அனுப்பட்டுமா"ன்னு ஒரு செய்தி போட்டாலே பல சமயம் பணம் வந்துரும்.

இந்தச் சட்டப்படி அரசுகிட்ட புகார் போடுறது பழக்கம் அறுந்து போச்சுன்னு ஆனப்புறம்தான். அத போட்டுட்டு அடுத்த சீசனுக்கும் அவர் மோட்டார் வரும்னு எதிர்பாக்க முடியாது.

அசல் முழுசா வந்துருச்சு, வட்டியப் பத்தி பேச்சே இல்ல. அடுத்த வேலைக்குக் கூப்புடுறாங்க. போறதா வேணாமா?

போங்க. ஆனா கொட்டேஷன்ல "பழைய பாக்கி: வட்டி 3,000"னு ஒரு வரி முதல்லயே இருக்கட்டும், அத குடுத்தா வேலை ஆரம்பம்னு சொல்லாதீங்க, வரி மட்டும் இருக்கட்டும். புது வேலைக்கு காப்பர் விலைக்கு ஈடா பாதி அட்வான்ஸ், மிச்சம் மோட்டார் ஓடவிட்டு பாத்தப்புறம் பதினஞ்சு நாள். அட்வான்ஸ் குடுக்குறவர்கிட்ட வட்டி கணக்கு போடுற தொகையே பாதியாயிரும். அட்வான்ஸும் இல்ல, பழைய மூவாயிரமும் இல்ல, ஆனா வேலை மட்டும் அவசரம்னா, கம்பிய அவரையே வாங்கிக் குடுக்கச் சொல்லிட்டு கூலிக்கு மட்டும் பில்லு போடுங்க.